இணையத்தில் போகும் டேட்டா தொலையாமல், கெடாமல் நடுவில் இருக்கும் ரவுட்டர்களே பார்த்துக்கொள்ளலாமே? ஏன் அந்த வேலையை இரு முனைக் கணினிகளிடம் விட்டார்கள்?

முதல் காரணம், நடுவில் இருப்பவை எவ்வளவு முயன்றாலும் அந்த வேலையை முழுதாகச் செய்து முடிக்க முடியாது. எம்ஐடியில் நடந்த ஒரு சம்பவத்தை விட இதற்கு நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. ஜெரோம் சால்ட்சர், டேவிட் ரீட், டேவிட் கிளார்க் மூவரும் 1981இல் எழுதிய கட்டுரையில் அது வருகிறது. முனைகளிடமே வேலையை விடும் இந்தக் கொள்கைக்கு எண்ட்-டு-எண்ட் என்ற பெயர் கிடைத்ததும் அந்தக் கட்டுரையால்தான்.

அங்கே பல உள்ளூர் நெட்வொர்க்குகளை கேட்வே கணினிகள் இணைத்திருந்தன. ஒரு கேட்வேயிலிருந்து அடுத்ததற்குப் போகும் ஒவ்வொரு பாக்கெட்டும், அதாவது ஒவ்வொரு டேட்டாத் துண்டும், செக்சம் என்ற சரிபார்ப்பு எண்ணை வைத்துச் சரிபார்க்கப்பட்டது. அதனால் நெட்வொர்க்கை நம்பலாம் என்று புரோகிராம் எழுதியவர்கள் நினைத்துவிட்டார்கள். ஆனால் ஒரு கேட்வேயில், வந்த பாக்கெட்டை உள்ளே ஒரு பஃபரிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுக்கும்போது எப்போதாவது இரண்டு பைட்கள் இடம் மாறின. சுமார் பத்து லட்சம் பைட்டுக்கு ஒருமுறை. பாக்கெட் உள்ளே வந்தபோது செக்சம் சரி. வெளியே போகும்போது, ஏற்கெனவே கெட்டுப்போன டேட்டாவுக்குப் புதிதாகச் செக்சம் போடப்பட்டது, அதுவும் சரி. கம்பியில் நடக்கும் பிழையைத்தான் அந்தச் சோதனை பிடிக்கும். பிழை நடந்ததோ இரண்டு கம்பிகளுக்கு நடுவே, மெமரியில்.

20,000 பைட் உள்ள ஒரு ஃபைல் அந்த வழியாக ஒருமுறை போனால் கெடுவதற்கு ஐம்பதில் ஒரு வாய்ப்புதான். அதே ஃபைல் 35 முறை போனால் பாதிக்குப் பாதி. ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் சோர்ஸ் ஃபைல்கள் அப்படித்தான் திரும்பத் திரும்பப் போயின, சில கெட்டுப்போயின. கடைசியில் உரியவர்கள் பழைய அச்சுப் பிரதிகளை எடுத்து வைத்து, கண்ணால் ஒப்பிட்டுத் திருத்த வேண்டியதாயிற்று.

அனுப்பிய புரோகிராமும் வாங்கிய புரோகிராமும் முழு ஃபைலையும் ஒப்பிட்டிருந்தால் முதல் தடவையே தெரிந்திருக்கும். அந்த ஒப்பீடு எப்படியும் தேவை என்றால், நடுவில் செய்யும் சோதனை அதற்கு மாற்றாகாது. இங்கே முனை என்பது நெட்வொர்க் கார்டு அல்ல, டேட்டாவைப் பயன்படுத்தப்போகும் புரோகிராம். டேட்டா முழுதாக வந்து சேர்கிறதா என்று இரு முனைகளும் பார்த்துக்கொள்ள உதவும் நெறிமுறை டிசிபி. அதன் செக்சம்கூட வெறும் 16 பிட் கூட்டல்தான். இரண்டு 16 பிட் துண்டுகள் இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறாது. அதனால்தான் லினக்ஸை நிறுவ உதவும் ஐஎஸ்ஓ ஃபைலை இறக்கியதும் இப்படிச் சரிபார்க்கச் சொல்கிறார்கள்:

```
sha256sum -c SHA256SUMS --ignore-missing
```

`OK` என்று வந்தால், வழியில் எத்தனை ரவுட்டர், எந்த மெமரி என்ற கவலை இல்லை. `FAILED` என்று வந்தால் எங்கே கெட்டது என்று அது சொல்லாது, ஆனால் அதை நிறுவக்கூடாது என்பது உறுதி.

இரண்டாவது காரணம், எல்லாருக்கும் ஒரே உத்தரவாதம் வேண்டியதில்லை. ஃபைலுக்கு ஒரு பைட்கூடக் கெடக்கூடாது, தாமதமானால் பரவாயில்லை. குரல் அழைப்பில் நேர் எதிர். தொலைந்த ஒரு துண்டை அரை நொடி கழித்துக் கொண்டுவந்து தந்தால் பயனில்லை, பேச்சு அதைத் தாண்டிப் போயிருக்கும். நடுவில் இருக்கும் ரவுட்டர் பிடிவாதமாக மறுபடி மறுபடி அனுப்பினால் பின்னால் வரும் துண்டுகளும் தாமதமாகும். ஆரம்பத்தில் ஒன்றாக இருந்த டிசிபியை 1978இல் டிசிபி, ஐபி என்று இரண்டாகப் பிரித்ததற்கு குரல் அனுப்பும் சோதனைகள் ஒரு முக்கியக் காரணம். ஐபி முடிந்தவரை கொண்டுபோய்ச் சேர்க்கும், அவ்வளவுதான். மீதி வேண்டுமா வேண்டாமா என்பதை முனை முடிவு செய்யும்.

அதற்காக நடுவில் எதுவுமே செய்யக்கூடாது என்று அந்த மூவரும் சொல்லவில்லை. வேகத்துக்காகச் செய்யலாம் என்றார்கள். வைஃபை நல்ல உதாரணம். காற்றில் பத்துக்கு ஒரு பாக்கெட் தொலைகிறது என்றால், அதையெல்லாம் தூரத்து சர்வரிடமிருந்து மறுபடி வாங்குவது வீண். அதோடு பழைய டிசிபி முறைகள் அந்த இழப்பை நெரிசல் என்று எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறைத்துவிடும். எனவே வைஃபை தானே சில முறை திரும்ப அனுப்பிப் பார்க்கும், முடியாவிட்டால் விட்டுவிடும். கடைசி உறுதி அப்போதும் முனையிடம்தான்.

இந்த எல்லையைத் தாண்டி நடுவில் அறிவைச் சேர்த்ததன் விலையை இன்றும் கொடுக்கிறோம். வீட்டில் உள்ள பல கருவிகளை ஒரே முகவரியில் இணைக்க ரவுட்டர்கள் செய்யும் நாட், பல ஃபயர்வால்கள் எல்லாம் டிசிபி, தொலைந்ததைத் திரும்ப அனுப்பாத எளிய யுடிபி ஆகிய இரண்டு நெறிமுறைகளை மட்டுமே எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. 2000இல் வந்த எஸ்சிடிபி நல்ல நெறிமுறை, ஆனால் அவற்றைத் தாண்டி வீடுகளுக்கு நேரடியாக வர முடியவில்லை. க்விக் என்ற புதிய நெறிமுறையை உருவாக்கியவர்கள் அதை யுடிபிக்குள் வைத்ததும், தலைப்புப் பகுதியில் பெரும்பாலானதைக்கூட என்கிரிப்ட் செய்ததும் இதனால்தான். நடுவில் இருப்பவை அதைப் படித்துப் பழகிவிட்டால், அப்புறம் அதையும் மாற்ற முடியாமல் போய்விடும்.