கரை ஒதுங்கிய சரக்குக்குச் சுங்கம் உண்டா?

கேள்வி: ஐயா, பள்ளி மேடைக்கு ஒரு நாடகம் எழுதுகிறேன். ஆந்திரத்தைக் காகதீயர் ஆண்ட காலம், அங்கே கடலோரத்தில் மோட்டுப்பள்ளித் துறைமுகம். கப்பல் உடைந்து சரக்கில் கொஞ்சம்தான் கரை ஒதுங்கியிருக்கிறது. "நொந்து கிடக்கிறவனிடம் புது வரியா? தரமாட்டேன்" என்கிறான் இளைய வணிகன். "பேசாமல் கட்டு" என்கிறார் மூத்தவர். சட்டம் யார் பக்கம்?

பதில்: மூத்தவர் பக்கம்தான். ஆனால் "பேசாமல் கட்டு" என்பதைவிட நல்ல வாதம் அவரிடம் இருக்கிறது.

காகதீய மன்னர் கணபதிதேவர் 1244-45இல் மோட்டுப்பள்ளியில் கடல் வணிகருக்குப் பாதுகாப்பு அளிக்கும் ஓர் அபய சாசனத்தைக் கல்லில் வெட்டுவித்தார். புயலில் உடைந்து கரை ஒதுங்கிய கப்பல்களின் பொன், யானை, குதிரை, மணி அத்தனையையும் முந்தைய அரசர்கள் பறித்துக்கொண்டார்கள் என்று அந்தச் சாசனமே சொல்கிறது. இனி வரையறுத்த சுங்கம் போக மற்றதெல்லாம் வணிகருக்கே. ஏற்றுமதி, இறக்குமதி இரண்டுக்கும் முப்பதில் ஒரு பங்கு. சந்தனம், கற்பூரம், மிளகு, பட்டு, பாக்கு போன்றவற்றுக்குத் தனி விகிதங்களும் உண்டு.

உங்கள் காட்சிக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். தனி விகிதம் இல்லாத சரக்கு. ஏற்றியது 900 பொன் மதிப்பு, கரைக்கு வந்தது 300.

"பெரியவரே, அறுநூறு பொன் கடலோடு போச்சு. இதில் வரி வேறா?"

"தம்பி, உன் அப்பா காலத்தில் இந்த முந்நூறும் அரண்மனைக்குப் போயிருக்கும். இப்போது பத்துப் பொன் கட்டினால் இருநூற்றுத் தொண்ணூறு உன் கையில்."

"சுங்கக்காரர் முப்பது கேட்கிறாரே! ஏற்றிய சரக்குக்கெல்லாம் வரியாம்."

"அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதே. வா, நானும் வந்து பேசுகிறேன்."

இளையவனுக்கு உண்மையான வழக்கு இங்கேதான் இருக்கிறது. மூழ்கிய சரக்கைப் பற்றிச் சாசனம் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. இனிச் சொல்வது என் வாசிப்பு. சுங்கம் இறக்குமதிக்கு. கரையே சேராத சரக்கை இறக்குமதி என்று எப்படிச் சொல்வது? இன்றைய இந்தியச் சட்டமும் ஏறக்குறைய இதே வழியில்தான் போகிறது. 1962ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, உடைந்த கப்பலிலிருந்து வந்த பொருளை இறக்குமதியாகவே நடத்தச் சொல்கிறது. அதனால் "நஷ்டப்பட்டேன், வரி இல்லை" என்ற வாதம் இன்றும் எடுபடாது. அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு, இறக்குமதியான பொருள் சுங்கத்திலிருந்து விடுவிக்கப்படும் முன்பே தொலைந்தோ அழிந்தோ போனால் அதன் வரியைத் தள்ளுபடி செய்கிறது.

அப்புறம், இரண்டு விஷயங்களை வசனத்திலேயே சொல்லிவிடுங்கள். கதை சாசனத்துக்குப் பிறகு நடக்க வேண்டும். அதற்கு முன் என்றால் மூத்தவருக்குப் பேச வாயே இல்லை. சரக்கு கணபதிதேவரின் ஆட்சிக்குட்பட்ட கரையில் ஒதுங்கியிருக்க வேண்டும். காற்று கப்பலை வேறொரு அரசரின் கரைக்குத் தள்ளியிருந்தால், அங்கே இந்தச் சாசனம் செல்லாது.