தீக்காப்புறுதிச் சுருக்கத்தில் சராசரி வாசகம்

கேள்வி: கொழும்பில் காப்புறுதி நிறுவனமொன்றில் பயிலுநராக இருக்கிறேன். கடையொன்றின் தீக்காப்புறுதிப் பத்திரத்தை வாடிக்கையாளருக்குச் சுருக்கித் தரும்போது எதை விட்டுவிடக் கூடாது?

பதில்: முதலில் அட்டவணையையும் அதனுடன் இணைக்கப்பட்ட பின்னிணைப்புகளையும் வாசியுங்கள். அச்சிட்ட பொது வாசகங்களைப் பின்னிணைப்பு மாற்றியிருந்தால், அந்த மாற்றமே செல்லும்.

சுருக்கங்களில் பெரும்பாலும் விடுபடுவது சராசரி வாசகமாகும்; அதாவது, சொத்தின் பெறுமதியைவிடக் குறைந்த தொகைக்குக் காப்புறுதி செய்திருந்தால், இழப்பீட்டையும் அதே விகிதத்தில் குறைக்கும் நிபந்தனை. புறக்கோட்டைத் துணிக்கடை ஒன்றில் 100 இலட்சம் ரூபாய்ச் சரக்கு இருக்க, கட்டுப்பணத்தைக் குறைப்பதற்காக உரிமையாளர் 60 இலட்சத்துக்கே காப்புறுதி செய்துள்ளார் என்று கொள்வோம். தீயில் 20 இலட்சம் அழிந்தால், அது காப்புறுதித் தொகைக்குள் அடங்குவதால் முழுதும் கிடைக்கும் என்றே அவர் நம்புவார். ஆனால் இவ்வாசகத்தின்படி எஞ்சிய 40 சதவீத இடரைத் தாமே சுமந்தவராக அவர் கருதப்படுவதால், கணக்கு 20 × 60 ÷ 100, அதாவது 12 இலட்சம் ஆகிறது. பத்திரத்தில் இழப்பீட்டுத் தொகையின் 10 சதவீதத்தை வாடிக்கையாளர் ஏற்க வேண்டும் என்றிருந்தால், கைக்கு வருவது 10.8 இலட்சமே.

இவ்வாசகம் எப்போதும் தன் பெயரோடு வருவதில்லை. சேத நேரத்தில் சொத்தின் பெறுமதி காப்புறுதித் தொகையைவிட அதிகமாயின், உரிமையாளர் 'தமக்குத் தாமே காப்புறுதியாளர்' என்ற பொருளில் ஒரு நிபந்தனை இருந்தால் அதுவே இது. 'சேத நேரத்தில்' என்ற சொல்லைக் கோடிட்டுக் காட்டுங்கள். தீபாவளிக்கு முன் சரக்கு இருமடங்காகும் கடைக்கு ஜனவரிக் கணக்கு உதவாது. 'போதிய காப்புறுதி தேவை' என்று மட்டும் எழுதினால் யாருக்கும் விளங்காது. மேற்கண்ட கணக்கை வாடிக்கையாளரின் சொந்தத் தொகைகளோடு எழுதிக் கொடுங்கள், அனுப்புமுன் மேலதிகாரியிடம் காட்டுங்கள்.