மஞ்சளை நாளால் அல்ல, மணியால் எண்ணுங்கள்

“திங்கள் இரவு 11.30க்குக் குடியாத்தத்தில் பிறந்த குழந்தைக்குச் செவ்வாய் மாலை 6 மணிக்கு முகம் மஞ்சளாக இருக்கிறது. இரண்டாம் நாள் மஞ்சள் சாதாரணம்தானே?”

இல்லை. குழந்தைக்கு வயது பதினெட்டரை மணி நேரமே. முதல் 24 மணி நேரத்துக்குள் தெரியும் மஞ்சளைச் சாதாரணம் என்று விடக்கூடாது என்பதால், இன்றே மருத்துவமனையில் பிலிருபின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தாய்க்கும் குழந்தைக்கும் ரத்த வகை ஒவ்வாமல், குழந்தையின் சிவப்பணுக்கள் விரைவாக உடைவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். தாய் ஓ வகையா, ஆர்எச் நெகட்டிவா என்று பிரசவச் சீட்டில் பார்த்துக்கொண்டு செல்லுங்கள். அதற்காகக் கிளம்பத் தாமதிக்க வேண்டாம்.

பகல் வெளிச்சத்தில் நெற்றியை விரலால் அழுத்தி எடுத்தால் மஞ்சள் தெரியும், ஆனால் மாநிறக் குழந்தையிடம் கண் எளிதில் ஏமாறும். அளவைச் சொல்வது பரிசோதனை மட்டுமே.

இதே கணக்கில், பிறப்பு எடையை மீட்க வேண்டிய இரண்டு வாரமும் பிறந்த திங்களிலிருந்து இரண்டாவது திங்களன்றுதான் நிறைகிறது. பிறந்த நாளையே முதல் நாளாகக் கொள்ளும் சீட்டில் அது பதினைந்தாம் நாளாக இருக்கும்.