காக்காவைத் தாத்தா என்கிறாள்: மழலைப் பேச்சு, கேள்வி பதில்

குழந்தைகளின் பேச்சு, காது இரண்டையும் பார்ப்பது என் வேலை. இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்று மாலை முழுக்க இங்கே இருக்கிறேன். பிறந்ததிலிருந்து பள்ளி சேரும்வரை எதுவானாலும் கேளுங்கள். வயதை மாதக் கணக்கில் எழுதுங்கள்.

கரூர் அம்மா: மேடம், பொண்ணுக்கு 26 மாசம். காக்காவைக் காட்டி "தாத்தா"ங்கிறா. கை "தை", அக்கா "அத்தா". எங்க மாமனார் தன்னைத்தான் கூப்பிடுறான்னு ஒவ்வொரு தடவையும் எழுந்து வர்றார்.

மாமனாரை உட்காரச் சொல்லுங்கள், அவர் பாவம்.

"க" சொல்ல நாக்கின் பின்பகுதி மேலே எழுந்து அண்ணத்தைத் தொட வேண்டும். "த"வுக்கு நுனி பல்லைத் தொட்டால் போதும். சின்னக் குழந்தைக்கு நுனிதான் எளிது. அதனால் பின்னால் பிறக்க வேண்டிய ஒலியை எல்லாம் முன்னால் தள்ளிவிடும். உங்கள் பெண் அதை ஒழுங்காகச் செய்கிறாள், பாருங்கள்: எங்கெல்லாம் க வருகிறதோ அங்கெல்லாம் த. கண்டபடி மாற்றவில்லை, தனக்கென ஒரு விதி வைத்திருக்கிறாள். பெரும்பாலும் மூன்றரை, நான்கு வயதுக்குள் தானாகவே போய்விடும்.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். காக்காவைக் காட்டி நீங்களே "தாத்தாவா?" என்று கேளுங்கள். பல குழந்தைகள் கோபத்தோடு "இல்ல, தாத்தா!" என்பார்கள். அவள் காதில் இரண்டும் வேறுவேறுதான், வாயில்தான் ஒன்று. 1960இலேயே பெர்கோ, பிரவுன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை எழுதியிருக்கிறார்கள். மீனுக்கான ஆங்கிலச் சொல்லை "ஃபிஸ்" என்று சொன்ன குழந்தை, பெரியவர் "ஃபிஸ்" என்றதும் ஒத்துக்கொள்ளவில்லை.

"க சொல்லு, க சொல்லு" என்று உட்கார வைக்காதீர்கள். "ஆமா, காக்கா! காக்கா பறக்குது" என்று சரியான சொல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். நான்கு தாண்டியும் மாறவில்லை என்றால் வாருங்கள். மல்லாக்கப் படுக்க வைத்தால் நாக்கு பின்னால் சரியும், க வரவழைப்பது சுலபம். வாய் கொப்பளிக்கிற மாதிரி தொண்டையில் சத்தம் போடச் சொல்வதும் உண்டு.

இதற்கு நேர்மாறாக, தாத்தாவைக் "காக்கா" என்று கூப்பிடும் குழந்தையைத்தான் நான் சீக்கிரம் பார்க்க விரும்புவேன். அந்தத் திசை மாற்றம் வழக்கமானது இல்லை.

புது அப்பா: 7 மாசம். நாக்குல வசம்பு தேனில் உரசித் தடவினா சீக்கிரம் பேசுமாம், பாட்டி சொல்றாங்க. தடவலாமா?

கூடாது. ஒரு வயதுக்குள் தேனே கூடாது, வசம்பு எந்த வயதிலும் நாக்கில் வேண்டாம். பேச்சு நாக்கில் தொடங்குவதில்லை, காதில் தொடங்குகிறது.

திருப்பூர்: 11 மாதப் பையன். 4, 5 மாதத்தில் நன்றாக ஆ ஊ என்று சத்தம் போட்டான். இப்போது குறைந்துவிட்டது. காது கேட்கிறது, கதவு சாத்தினால் திரும்புகிறான்.

இதைக் கொஞ்சம் எல்லோரும் படியுங்கள்.

காது கேளாத குழந்தையும் முதல் சில மாதம் ஆ, ஊ சொல்லும், சிரிக்கும். அதனால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. வித்தியாசம் அப்புறம்தான் தெரியும். கேட்கும் குழந்தை 6 மாதத்திலிருந்து 10 மாதத்துக்குள் மெய்யும் உயிரும் சேர்த்து "பபபபா", "மமமா", "தத்தத்தா" என்று அடுக்கும். அம்மா, அப்பா, தாத்தா எல்லாம் இந்த உதட்டு ஒலி, பல் ஒலிகளால் ஆனது தற்செயல் இல்லை. சரியாகக் கேளாத குழந்தைக்கு இந்த அடுக்கு தள்ளிப்போகும், அல்லது வராது. 10 மாதம் முடிந்தும் "பபபா" இல்லை என்றால் நான் காத்திருக்க மாட்டேன்.

கதவுச் சத்தம் கனமானது, தரையே அதிரும். கைதட்டினால் கை அசைவதைக் கண்ணால் பார்த்துவிடும். கதவு கேட்டும் "ச", "த" போன்ற மெல்லிய ஒலி கேட்காத காதுகள் உண்டு. என்னிடம் வந்த ஒரு குழந்தை இதே மாதிரிதான். ஸ்டீல் தட்டு விழுந்தால் திடுக்கிடும், பின்னாலிருந்து பெயரை மெதுவாகச் சொன்னால் அசையாது. பெரா சோதனை எடுங்கள். குழந்தை தூங்கும்போது காதில் ஒலி கொடுத்து, நரம்பு பதில் தருகிறதா என்று தலையில் ஒட்டிய கம்பிகள் வழியாகப் பார்ப்பார்கள், வலிக்காது. பிறந்தபோது எடுத்த சோதனை சரியாக இருந்தது என்பது போதாது, பின்னாலும் குறையலாம்.

வேலூர்: 24 மாசம், அஞ்சு வார்த்தைதான். பையன்னா லேட்டாத்தான் பேசுவானாமே? அமெரிக்காவில் 50 வார்த்தைக்கு 30 மாசம் டைம் கொடுத்திருக்காங்களே?

எந்த வயதில் குழந்தை என்ன செய்யும் என்ற பட்டியலை 2022இல் அங்கே மாற்றியது உண்மை. ஆனால் நான்கில் மூன்று குழந்தைகளாவது செய்துவிடும் வயதைத்தான் அதில் போட்டார்கள். அதைத் தவறவிடுவது என்றால் ஏற்கெனவே பின்தங்கியாயிற்று என்று அர்த்தம், அதுவரை சும்மா இரு என்று அர்த்தமில்லை. ஆண் பெண் வித்தியாசம் சில வாரங்கள்தான், வருடக்கணக்கில் இல்லை. கையால் காட்டாமல் "செருப்பை எடுத்துட்டு வா" என்றால் புரிகிறதா? விரல் நீட்டி உங்களுக்கு எதையாவது காட்டுகிறானா? இரண்டும் இருந்தால் எனக்குக் கவலை குறைவு. இல்லையென்றால் இந்த வாரமே போங்கள். எப்படியிருந்தாலும் முதலில் காது.

சேலம்: 2 வயசு, பேசலை, என்ன செய்ய?

மேலே பாருங்கள்.

பெங்களூர்: 25 மாதம், வீட்டில் தமிழ், வெளியே கன்னடம், பேச்சு இல்லை. ஒரு மொழியை நிறுத்தணுமா?

வேண்டாம். இரண்டு மொழிச் சொல்லையும் கூட்டி எண்ணுங்கள். அப்புறமும் "பேச்சு இல்லை" என்றால் மேலே பாருங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்: அம்மா, என் பேத்திக்கு நாலு வயது. பழம் என்பதைப் "பளம்" என்கிறாள். இப்போதே திருத்தாவிட்டால் ழகரம் அழிந்துவிடும்.

ஐயா, நாலு வயதில் ழ இல்லாதது குறை இல்லை. ர, ழ எல்லாம் கடைசியில் வருபவை, ஐந்தைத் தாண்டியும் போகும். அதோடு ஒரு கேள்வி: வீட்டில் அம்மா, அப்பா, கடைக்காரர் என்ன சொல்கிறார்கள்? மதுரைப் பக்கம் "வாளப்பளம்", பழைய சென்னையில் "வாயப்பயம்". கேட்காத ஒலியைக் குழந்தை எங்கிருந்து எடுக்கும்?

மதுரைக்காரன்: நாங்க வாளப்பளம்னுதான் சொல்வோம், பேச்சுக் குறைன்னு சொல்ல யாருக்கும் உரிமை இல்லை!

நானும் சொல்லவில்லையே, தம்பி.

ஐடி நண்பர்: 10 மாசத்தோட மூளையோட கதவு மூடிடும், அப்புறம் புது ஒலி வராதுன்னு படிச்சேன். அப்ப ழ அவ்வளவுதான்.

பாதி சரி. வெர்க்கர், டீஸ் என்ற ஆய்வாளர்கள் 1984இல் காட்டியது இது: ஆங்கில வீட்டுக் குழந்தைகள் 6–8 மாதத்தில் இந்தியின் "த", "ட" வேறுபாட்டைப் பிடித்தன, 10–12 மாதத்தில் அந்தத் திறமை மங்கிவிட்டது. நம் குழந்தைக்கு மங்காது, பத்து, பட்டு என்று நாள் முழுக்கக் கேட்கிறதே. ஆனால் மங்குவது வேறு, மூடுவது வேறு. பெரியவர்கள்கூடப் பழகிக்கொள்கிறார்கள், சிரமப்பட்டு.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்: அப்படியானால் நான் தினமும் ழகரத்தோடு பேசினால் போதுமா?

கதை சொல்லுங்கள், சோதிக்காதீர்கள். அவள் வாயைப் பிடித்துத் திருத்த ஆரம்பித்தால் உங்களிடம் பேசுவதையே குறைத்துக்கொள்வாள். ழ வருமா என்பது, அவளோடு அதிகம் பேசுகிறவர்கள் யார் என்பதையும் பொறுத்தது.

மதுரைக்காரன்: வராட்டி என்ன?

அதை நீங்கள் இருவரும் பேசி முடியுங்கள். எனக்கு இன்னும் நாலு கேள்வி பாக்கி.

நாமக்கல்: மேடம், 20 மாசம். பத்து வார்த்தை சொல்லிட்டிருந்தா, ரெண்டு மாசமா ஒண்ணும் சொல்றதில்லை. போன் பார்க்கறதாலயா?

போனை நிறுத்துங்கள், ஆனால் அதில் பழியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். இருந்த சொல் போவது எந்த வயதிலும் காத்திருக்கும் விஷயம் இல்லை. நாளைக்கே குழந்தை மருத்துவரிடம் போங்கள். பெயர் சொன்னால் திரும்புகிறாளா, கண்ணைப் பார்க்கிறாளா, முன்பு செய்த டாட்டா, கைதட்டல் இருக்கிறதா என்று எழுதிக்கொண்டு போங்கள். பழைய வீடியோ இருந்தால் அதையும் கொண்டு போங்கள்.

கோவை: கைதட்டினா திரும்புறா மேடம், ஆனா 2 வயசு...

கைதட்டல் வேண்டாம். பெரா.