நிறத்துக்கு ஒரு தலைப்பு வைத்தும் கூகுளில் ஏன் வரவில்லை?

"ஒரே ஸ்டீல் தண்ணீர் பாட்டிலுக்கு 3 அளவு, 4 நிறம், மொத்தம் 12 பக்கம். ஒவ்வொன்றுக்கும் தனித் தலைப்பு எழுதினேன். கேனானிகல் எல்லாவற்றுக்கும் முதல் பக்கத்துக்கே கொடுத்திருக்கிறேன். அந்தத் தலைப்புகள் தேடலில் வருவதே இல்லை, ஏன்?"

கேனானிகல் கொடுத்தபோதே "இந்தப் பக்கத்தை விடு, அதைக் காட்டு" என்று சொல்லிவிட்டீர்கள். கூகுள் அதை ஏற்றுக்கொண்டால், தேடலில் வருவது முதல் பக்கத்தின் தலைப்புதான். மற்ற 11 தலைப்புகளும் வாங்க வந்தவர் பிரவுசர் டேபில் பார்ப்பதற்கு மட்டுமே.

நான் கவனித்துக்கொண்ட ஒரு கடையிலும் இதே கதைதான். எல்லாப் பக்கங்களின் கேனானிகலும் 500 மி.லி. பக்கத்தையே காட்டின. ஒரு லிட்டர் பாட்டில் தேடியவருக்கு "500 மி.லி." என்ற தலைப்பு வந்தது, அதை யார் தொடுவார்கள்? அதனால் தலைப்பு எழுதும் முன்பே முடிவு செய்ய வேண்டியது ஒன்று: இந்த வித்தியாசத்தைச் சொல்லி யாராவது தேடுகிறார்களா? அளவைச் சொல்லித் தேடுகிறார்கள். நிறத்தை, இந்தப் பொருளுக்கு, பெரும்பாலும் கடைக்குள் வந்த பிறகுதான் பார்க்கிறார்கள். சேலை என்றால் நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

அப்படியானால் அளவுக்கு ஒரு பக்கம் என்று 3 அளவுப் பக்கங்கள் இருக்கட்டும், அவை தம்மையே கேனானிகலாகச் சொல்லட்டும். நிறப் பக்கங்கள் அந்தந்த அளவின் பக்கத்தைக் காட்டட்டும். ஒரு லிட்டர் நீல நிறப் பக்கத்தில் இப்படி:

```html
<title>ஸ்டீல் தண்ணீர் பாட்டில் 1 லிட்டர், நீலம்</title>
<link rel="canonical" href="https://example.com/bottle-1l">
```

நிறங்களின் பெயரை `bottle-1l` பக்கத்துக்குள்ளேயே எழுதிவிடுங்கள். தேடலில் நிற்கப்போவது அதுதானே.

அப்புறம் ஒன்று: தலைப்பை மட்டும் மாற்றினால் பக்கம் வேறாகிவிடாது. கேனானிகல் என்பது கட்டளை இல்லை, ஒரு குறிப்புதான். 3 அளவுப் பக்கங்களிலும் அதே படம், அதே நாலு வரி விவரம் இருந்தால், நீங்கள் தனித்தனி என்று சொன்னாலும் கூகுள் அவற்றை ஒன்றாகச் சேர்த்துவிடலாம். அந்தக் கடையில் ஒவ்வொரு அளவுக்கும் எடை, உயரம், பையின் ஓரப் பாக்கெட்டில் நிற்குமா, எத்தனை டம்ளர் வரும் என்று எழுதி, அந்த அளவின் படத்தையே போட்டோம். சைட்மேப்பிலும் மெனுவிலும் அந்த 3 முகவரிகள் மட்டுமே இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். சைட்மேப் ஒன்று, கேனானிகல் வேறொன்று என்று சொன்னால் கூகுள் தானாக ஒன்றைத் தேர்ந்துகொள்ளும்.

சரி, எடுபட்டதா என்று எப்படித் தெரியும்? கூகுளின் Search Console-இல் பக்கத்தின் முகவரியைக் கொடுத்து, `User-declared canonical`, `Google-selected canonical` என்ற இரண்டு வரிகளையும் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நீங்கள் சொன்னது ஏற்கப்பட்டது. ஒரு லிட்டர் பக்கத்துக்கு இரண்டாவது வரியில் 500 மி.லி. முகவரி வந்தால் தலைப்பில் கை வைக்காதீர்கள், உள்ளடக்கத்தை மாற்றுங்கள். மாற்றிய பிறகு கூகுள் திரும்ப வந்து படிக்கச் சில நாள்களோ வாரங்களோ ஆகும். அதற்குள் மறுபடி மாற்றிவிடாதீர்கள்.