மூணு வருஷமா பேசாத தங்கச்சியோட மறுபடி சேருவேனான்னு டாரோ போட்டுப் பார்த்தேன். கடைசி கார்டா வீல் ஆஃப் ஃபார்ச்சூன் வந்திருக்கு. இதை ஆமான்னு எடுத்துக்கணுமா, இல்லைன்னு எடுத்துக்கணுமா?

இரண்டும் இல்லை. ரைடர்-வெயிட் சீட்டுக்கட்டில் அந்தக் கார்டை எடுத்து நன்றாகப் பாருங்கள். சக்கரத்தின் மேலே வாளோடு ஸ்ஃபிங்ஸ், ஒரு பக்கம் கீழே இறங்கும் பாம்பு, இன்னொரு பக்கம் மேலே ஏறும் நாய்த்தலை உருவம். சக்கரத்தைப் பிடித்துச் சுற்றுகிற மனிதர் யாரும் அதில் கிடையாது. அதனால் உங்கள் தங்கையின் மனதைப் பற்றி இந்தக் கார்டு எதுவும் சொல்வதாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். நீங்கள் இருவரும் ஏற்பாடு செய்யாத ஒரு சூழ்நிலை மாறப்போகிறது, ஒரு வாய்ப்பு வரும் என்கிற அளவோடு அது நின்றுவிடுகிறது. வாய்ப்பு வந்தால் என்ன ஆகும் என்பதை மற்ற இடங்களில் விழுந்த கார்டுகளை வைத்துத்தான் படிக்க வேண்டும்.

நான் வண்ணாரப்பேட்டையில் தெரிந்தவர்களுக்கு மட்டும் கார்டு பார்க்கிறேன். காசிமேட்டிலிருந்து ஒருவர் மார்ச் மாதம் வந்தார். அண்ணனும் இவரும் சேர்ந்து வைத்திருந்த விசைப்படகில் கணக்குத் தகராறு வந்து, பல வருடமாகப் பேச்சே இல்லை. பிரிந்தவர்கள் சேர்வதற்கு நான் ஆறு கார்டு போடுவேன்: நான், அவர், பிரிவின் வேர், இப்போது தடுப்பது, என்னால் செய்ய முடிந்தது, இப்படியே போனால் முடிவு.

அவருக்கு ‘அவர்’ இடத்தில் சிக்ஸ் ஆஃப் கப்ஸ் விழுந்தது. பூ வைத்த கோப்பையை ஒரு குழந்தை இன்னொரு குழந்தைக்கு நீட்டுகிற படம். அண்ணனுக்குப் பழைய பாசம் விட்டுப்போகவில்லை என்று படித்தேன். வேர் ஃபைவ் ஆஃப் ஸ்வோர்ட்ஸ்: வாதத்தில் ஒருவர் ஜெயித்தார், உறவு தோற்றது. தடுப்பது ஃபோர் ஆஃப் பென்டக்கிள்ஸ், காசைக் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பவர். ஐந்தாவது இடத்தில் பேஜ் ஆஃப் கப்ஸ். அந்தப் பையன் கையிலிருக்கும் கோப்பையிலிருந்து ஒரு மீன் எட்டிப் பார்க்கும். முடிவு, உங்களுக்கு வந்த அதே சக்கரம்.

ஆறில், நம் கையை மீறிய பெரிய திருப்பங்களைக் காட்டும் மேஜர் அர்கானா கார்டு அந்தச் சக்கரம் ஒன்றுதான் என்பதைக் கவனித்தேன். சண்டையும் தடையும் மனிதர்கள் அளவிலான விஷயம், திருப்பம் மட்டும் இவர்கள் கையில் இல்லை. “உங்க வருஷத்துல தானா மாறுற விஷயம் என்ன இருக்கு?” என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை, “ஏப்ரல் 15 தடைக்காலம் ஆரம்பிக்குதே” என்றார். ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த நாட்களில் இரண்டு பேரும் துறைமுகத்தில் படகுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டு, வலை தைத்துக்கொண்டு கண்ணெதிரே இருப்பார்கள்.

அப்புறம் ஒரே ஒரு விளக்கக் கார்டு எடுத்தேன். அதை எடுக்கும்போது “சேருவார்களா” என்று திரும்பக் கேட்கக் கூடாது. கேட்டால் பிடித்த பதில் வரும்வரை கை சீட்டுக்கட்டை விடாது. “அந்த வாய்ப்பு வரும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்” என்று கேட்டேன். சிக்ஸ் ஆஃப் பென்டக்கிள்ஸ். தராசு பிடித்த ஒருவர் மேலே நின்று கொடுக்கிறார், மற்றவர்கள் மண்டியிட்டு வாங்குகிறார்கள். ஆக, கணக்கை முதலில் எடுக்கக் கூடாது. எடுத்தால் ஒருவர் மேலே, ஒருவர் கீழே என்று ஆகி, சக்கரம் பழைய சண்டைக்கே சுற்றிவிடும். பேஜ் சொல்கிற மாதிரி சின்னதாக, கணக்குக்குச் சம்பந்தமில்லாத ஒரு வார்த்தை போதும் என்றேன்.

தடைக்காலத்தில் ஒரு காலையில் டீ வாங்கிக்கொண்டு போய், “அண்ணே, முட்டி வலி எப்படி இருக்கு?” என்று கேட்டிருக்கிறார். அண்ணன் டீயை வாங்கிக்கொண்டார். இப்போது பேசுகிறார்கள், ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு மற்றவர் போகிறார். படகுக் கணக்கு இன்னும் தீரவில்லை. அது தீரும் என்று கார்டும் சொல்லவில்லை.

இதே சக்கரத்தை வேறு கார்டுகளோடு வேறு மாதிரி படித்திருப்பேன். ‘அவர்’ இடத்தில் எயிட் ஆஃப் கப்ஸ், அதாவது கோப்பைகளை அடுக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்துபோகிறவர் விழுந்திருந்தால், சூழ்நிலை மாறினாலும் அந்தப் பக்கம் மனம் நகர்ந்துவிட்டது என்று நேராகச் சொல்லியிருப்பேன். ஐந்தாவது இடத்தில் ஃபோர் ஆஃப் ஸ்வோர்ட்ஸ் இருந்தால், இப்போதைக்குப் போகாதீர்கள், ஆறட்டும் என்றிருப்பேன்.

கட்டைத் திரும்பக் குலுக்காதீர்கள். உங்கள் தங்கை இருக்கும் இடத்திலும், தடுப்பது, செய்ய முடிந்தது என்ற இடங்களிலும் என்ன கார்டு விழுந்தது என்று கருத்தில் எழுதுங்கள். அடுத்த சில மாதங்களில் உங்கள் இருவரையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவரக்கூடிய கல்யாணம், காதுகுத்து, திதி ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.