வேலை கிடைக்கவில்லை, கருத்து மட்டும் கேட்கிறார்கள்: என்ன எழுதுவது?

கேள்வி: மூன்று சுற்று இன்டர்வியூ முடிந்து, தேர்வாகவில்லை என்று மெயில் வந்தது. நடுவில் 19 நாள் ஒரு தகவலும் இல்லை. இப்போது ரெக்ரூட்டர் சர்வே லிங்க் அனுப்பி, "அனுபவம் எப்படி?" என்று கேட்கிறார். உள்ளதைச் சொன்னால் மறுபடி விண்ணப்பிக்கும்போது பாதிக்குமா?

பதில்: உள்ளதைச் சொல்லுங்கள். ஆனால் உங்கள் பெயர் தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதுங்கள். சர்வேயில் பெயர் கேட்காவிட்டாலும், பல நிறுவனங்களில் லிங்க் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வரும். அப்படி இல்லையென்றாலும், மூன்றாம் சுற்று வரை போனவர்கள் சிலர்தான். தேதியைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

"நண்பர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா?" என்று கேட்டு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடச் சொன்னால், வழக்கமான கணக்கு இதுதான்: 9, 10 ஆதரவு, 0 முதல் 6 வரை எதிர்ப்பு, 7, 8 எந்தப் பக்கமும் சேராது. ஆதரவு சதவீதத்திலிருந்து எதிர்ப்பு சதவீதத்தைக் கழிப்பார்கள். அதனால் மரியாதைக்காக 7 போட்டால், உங்கள் குறை அந்தக் கணக்கில் தெரியவே தெரியாது. மனதில் 5 என்றால் 5 போடுங்கள்.

கருத்துப் பெட்டிதான் முக்கியம். "தகவல் தொடர்பு மோசம்" என்று எழுதினால் ரெக்ரூட்டரால் எதையும் சரிசெய்ய முடியாது. எந்தச் சுற்று, என்ன நடந்தது, என்ன செய்திருக்கலாம் என்ற மூன்றும் வேண்டும். உங்கள் விஷயத்தில் இப்படி எழுதலாம்:

"முதல் போன் பேச்சிலேயே வேலையின் தன்மையைத் தெளிவாகச் சொன்னது உதவியாக இருந்தது. இரண்டாம் சுற்று முடிந்து 19 நாள் தகவல் வரவில்லை. தேர்வில் இருக்கிறேனா இல்லையா என்று தெரியாமல் மற்ற வாய்ப்புகளுக்கு உறுதியாகப் பதில் சொல்ல முடியவில்லை. தாமதமாகும் என்று ஒரு வரி மெயில் வந்திருந்தால் போதுமாக இருந்திருக்கும்."

முதல் வரியில் உள்ள நல்லது உண்மையிலேயே நடந்திருந்தால் மட்டும் எழுதுங்கள். இல்லையென்றால் அந்த வரியை விட்டுவிடலாம். இந்தப் பதிலில் யார் மேலும் பழி இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்த 19 நாளுக்குக் காரணம் ரெக்ரூட்டராகவே இருக்க வேண்டும் என்பதில்லை; முடிவு சொல்ல வேண்டிய மேனேஜர் இழுத்தடித்திருக்கலாம். அப்படியானால் ரெக்ரூட்டர் உங்கள் வரிகளை அப்படியே எடுத்து அந்த மேனேஜரிடம் காட்ட முடியும்.

"என்னை ஏன் எடுக்கவில்லை" என்ற வாதத்தை இதில் கலக்காதீர்கள். கலந்தால், தேர்வாகாத கோபத்தில் எழுதியது என்று மொத்தத்தையும் ஒதுக்கிவிடுவார்கள். காரணம் தெரிய வேண்டுமென்றால் ரெக்ரூட்டருக்குத் தனியாக ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள்.

இன்டர்வியூவில் யாராவது திருமணம், கர்ப்பம், சாதி, மதம் பற்றிக் கேட்டிருந்தால் அதற்கு சர்வே சரியான இடமில்லை. சர்வே பதில்கள் பெரும்பாலும் மொத்தக் கணக்கில் கரைந்துவிடும். தேதி, சுற்று, கேட்ட வார்த்தைகள் ஆகியவற்றைக் குறித்து, எச்.ஆர். தலைவருக்கு நேரடியாக எழுதுங்கள்.